ஐந்து பேர் டிக்கெட்டில் அப்பாவை மட்டும் ரத்து செய்தால் அம்மாவின் காத்திருப்பு உறுதியாகுமா?

நெல்லைப்பையன், 2024 ஜூன் 5

ஜூன் 14 வெள்ளி இரவு எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்றடுக்கு ஏசியில் டிக்கெட் போட்டிருக்கிறோம். நான், மனைவி, பையன், அப்பா, அம்மா என்று ஐந்து பேரும் ஒரே பிஎன்ஆர். போடும்போது நான்கு பெர்த்தான் இருந்தது, அதனால் நால்வருக்கு `CNF`, கடைசியாகப் பெயர் போட்ட அம்மாவுக்கு மட்டும் `GNWL`, இன்று காலை பார்த்தபோது 9. இப்போது அப்பாவுக்கு 11ஆம் தேதி கண்புரை ஆபரேஷன் குறித்துவிட்டார்கள், அவர் வரவில்லை, தம்பியோடு வீட்டில் இருந்துகொள்வார். காதுகுத்து அம்மாவின் பிறந்த வீட்டில், அதனால் அம்மா போகாமல் இருக்க முடியாது.

அப்பாவை மட்டும் எடுத்தால் மற்ற மூன்று பெர்த்துக்கும் ஏதாவது ஆகுமா? அப்பா பெர்த் அம்மாவுக்கு வந்துவிடும்தானே, ஒரே டிக்கெட் என்பதால்? பணம் எவ்வளவு, யாருக்குத் திரும்பும்? டிக்கெட்டைப் போட்டது மச்சான், அவருடைய ஐஆர்சிடிசி கணக்கில், அவருடைய யுபிஐயில்.

டிக்கெட் தம்பி

தாராளமா பண்ணலாம் அண்ணா. மச்சான் லாகின்ல போய் அந்த டிக்கெட்டைத் திறந்து `Cancel Ticket` கொடுத்தா ஐந்து பேர் பெயரும் வரும், அப்பா பெயருக்கு மட்டும் டிக் போட்டு ரத்து பண்ணுங்க. மத்தவங்க பெர்த் அப்படியே இருக்கும், பிஎன்ஆரும் மாறாது. ஒரே பிஎன்ஆர் என்பதால அப்பா பெர்த் நேரா அம்மாவுக்குப் போயிடும், கவலைப்படாதீங்க.

வானதி

அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள்! போன வருடம் எங்களுக்கு நடந்தது. நாங்கள் மூன்று பேர் போக வர ஒரே புக்கிங், மாமியார் வரவில்லை என்றதும் ஆன்லைனில் பார்த்தால் ஒருவரை மட்டும் எடுக்க வழியே காட்டவில்லை. கஸ்டமர் கேரில் பேசி முதலில் அவரைத் தனி பிஎன்ஆராகப் பிரித்தார்கள், அதற்குப் பிறகுதான் ரத்து. கையில் வந்தது வரிப்பணம் மட்டும்தான். நீங்களும் முதலில் பிஎன்ஆரைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

நெல்லைப்பையன்

அக்கா, அது விமானமா?

வானதி

ஆமாம், விமானம். ரயில் என்று கவனிக்கவில்லை, மன்னிக்கவும் 🙂

பழைய கவுண்டர் ஆள்

ரயிலில் பிரிக்க வேண்டியதில்லை. தம்பி சொன்ன வழி சரி, அந்தக் கடைசி வரி மட்டும் தப்பு, இங்கே எல்லாமே அந்த வரியில்தான் இருக்கிறது.

உங்கள் அப்பா பெர்த்தை விட்ட நொடியில் அது ரயிலின் பொது வரிசைக்குப் போய்விடும். ஆர்ஏசியில் முதலில் நிற்பவருக்கு அது, அவர் நகர்ந்த இடத்துக்குக் காத்திருப்பில் முதல் ஆள். அம்மா 9 என்றால் 8 ஆவார், அவ்வளவுதான். வரிசை எண்ணைத்தான் கணினி பார்க்கும், பிஎன்ஆர் ஒன்றா இரண்டா என்று பார்க்காது. கவுண்டரில் இருந்த காலத்தில் இதைச் சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள், "எங்க பெர்த்தை யாருக்கோ கொடுத்துட்டீங்களே" என்று.

பணக் கணக்கு: புறப்பட 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 180 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்துச் சுமார் 190 பிடிப்பார்கள். ஒருவர் கட்டணம் 1,000 என்று வைத்துக்கொண்டால் 810 திரும்பும். 48 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் கால்வாசி போகும், 12 மணி நேரத்துக்குள் பாதி. நீங்கள் 12ஆம் தேதி மாலைக்குள் முடிவெடுத்தால் போதும். புக்கிங்கின்போது தனியாகப் பிடித்த சேவைக் கட்டணம் வராது, அது மொத்த டிக்கெட்டுக்கு ஒன்று, ஆளுக்குப் பிரிப்பதில்லை. பணம் மச்சான் எந்த வழியில் கட்டினாரோ அதே கணக்குக்குச் சில நாளில் போகும், உங்கள் கணக்குக்குக் கேட்க முடியாது, அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நானாக இருந்தால் உடனே ரத்து செய்ய மாட்டேன். பெயர் மாற்றம் என்று ஒன்று இருக்கிறது. உறுதியான பெர்த்தை அப்பா, அம்மா, பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றலாம், ரயில் புறப்பட 24 மணி நேரம் முன்பு வரை, ஒரே ஒரு தடவை. ஆன்லைனில் நடக்காது. டிக்கெட் பிரிண்ட், அடையாள அட்டை, உறவுக்கு அத்தாட்சியாக ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு முன்பதிவு கவுண்டருக்குப் போய் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பா பெர்த்தை அம்மா பெயருக்கு மாற்றுவது மனைவிக்கு மாற்றுவதுதான். இடிக்கிற இடம், அம்மா ஏற்கெனவே அதே டிக்கெட்டில் இருக்கிறார். காத்திருப்பை முதலில் ரத்து செய்தால் 60 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் போகும், பிறகு அப்பா இடத்தில் அம்மா பெயர். நான் வேலையில் இருந்தவரை இப்படி ஒரு மனு என் கையில் வரவில்லை, அதனால் கவுண்டரில் கேட்டு, செய்கிறேன் என்று அவர்கள் சொன்ன பிறகே காத்திருப்பில் கை வையுங்கள். இரண்டும் கெட்டான் ஆகிவிடக் கூடாது.

டிக்கெட் தம்பி

அடடா, நான் இவ்வளவு நாள் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். போன பொங்கலுக்கு எங்க அக்காவுக்கு அப்படித்தான் கிடைச்சுது, அது வரிசையிலேயே நகர்ந்திருக்கும் போல.

ஒரு யோசனை. எதையும் மாத்தாம அம்மாவே அப்பா பெர்த்துல படுத்துட்டா? டிடிஇ யாரோ ஒருத்தர் அடையாள அட்டைதானே கேட்பார்.

பழைய கவுண்டர் ஆள்

அட்டை ஒருவருடையது போதும் என்பது உண்மை. ஆனால் அப்பா வரவில்லை என்று டிடிஇ குறித்துக்கொண்டால் அந்தப் பெர்த்தை ரயிலிலேயே ஆர்ஏசி ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அம்மா பெயர் சார்ட்டில் இருக்கும், ஏறலாம், பெர்த்துக்கு உரிமை கிடையாது. டிடிஇ மனசு வைத்தால் உண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்டவரை அந்த நம்பிக்கையில் ராத்திரி முழுக்க உட்கார வைப்பீர்களா? அப்பா காசும் திரும்பாது.

நெல்லைப்பையன், ஜூன் 10

சனிக்கிழமை மாம்பலம் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்லவிதமாகவே பேசினார், ஆனால் அம்மா பெயர் அதே பிஎன்ஆரில் இருக்கும்வரை மாற்ற முடியாது, ரத்து செய்துவிட்டு மனுவோடு வாருங்கள் பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்" என்றதில் எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்து வீட்டில் பேசிக்கொண்டே இருந்தோம். இன்று காலை பார்த்தால் அம்மா `RAC 3`.

ஆர்ஏசி வந்ததும் முடிவு எளிதாகிவிட்டது, குறைந்தபட்சம் உட்காரும் இடம் நிச்சயம். மச்சான் அப்பா பெயரை மட்டும் டிக் போட்டு ரத்து செய்தார். கட்டணத்தில் 190 போக மீதி திரும்பும் என்று காட்டியது. எங்கள் மூன்று பெர்த்தும் அதே எண்ணில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அம்மா `RAC 2`. கவுண்டர் ஐயா சொன்னதுபோல ஒரு படிதான்.

பழைய கவுண்டர் ஆள்

நல்லது. பழைய பிரிண்டைக் கிழித்துப் போடுங்கள், அதில் ஐந்து பேர் இருப்பார்கள். புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதில் அப்பா பெயருக்கு நேரே ரத்து என்று வரும்.

நெல்லைப்பையன்

எடுத்துவிட்டேன் ஐயா. இன்னொன்று, அம்மாவுக்கு உறுதியானால் எங்கள் பெட்டியிலேயே வருமா, வேறு பெட்டிக்குப் போய்விடுமா?

பழைய கவுண்டர் ஆள்

சார்ட் போடும்வரை யாராலும் சொல்ல முடியாது. வேறு பெட்டி விழுந்தால் நீங்கள் அங்கே போய்ப் படுங்கள், அம்மாவை மருமகள் பேரனோடு விடுங்கள்.

வானதி

மேல் பெர்த் விழுந்தால்?

டிக்கெட் தம்பி

அதுக்குத் தனி இழை போடணும் அக்கா 😄