சித்திகளை விரித்துரைத்த நூலே அவற்றை விலக்கச் சொல்வது ஏன்?

கொட்டாரம் வாசகர்:
மருந்துவாழ்மலைப் பக்கம் நடந்த ஒரு யோக வகுப்பில், பதஞ்சலி யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் பெரும்பகுதி, யோகத்தால் வரும் அரிய ஆற்றல்களாகிய சித்திகளைப் பற்றியது என்றார்கள். அவை சமாதிக்கு இடையூறு என்றும் உடனே சொன்னார்கள். இடையூறு என்றால் அவற்றை அடையும் வழியை அவ்வளவு விரிவாக எழுதியது எதற்கு?

தக்கலை:
எட்டாப் பழம் புளிக்கும் என்ற கதைதான் இது. சித்தி கைவராத ஆசிரியர்கள் பிற்காலத்தில் எழுப்பிய தடையை நூலின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று நான் கருதுகிறேன். "சமாதிக்கு இடையூறு" என்று வரும் சூத்திரம் மூன்றாம் பாதத்தின் 37ஆவது. சில பதிப்புகளில் எண் ஒன்று கூடும். அதற்கு முந்தைய சூத்திரம் ஆறு அனுபவங்களைச் சொல்கிறது. தானே உதிக்கும் உள்ளறிவு ஒன்று. தெய்விகமான ஒலி, ஊறு, காட்சி, சுவை, மணம் ஆகியவை மற்ற ஐந்து. இடையூறு என்ற தீர்ப்பு இந்த ஆறுக்கு மட்டுமே உரியது. எல்லாச் சித்திகளுக்கும் அது பொருந்துமானால், பதஞ்சலி அந்த இடத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவரோ பிறர் உடலுள் புகுவது, நீரிலும் சேற்றிலும் முள்ளிலும் ஒட்டாமல் நடப்பது, ஆகாயத்தில் செல்வது, அணிமா முதலியவை என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போகிறார்.

குளச்சல்:
இவையெல்லாம் உண்மையா என்பதை முதலில் யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். நீரின்மேல் நடப்பவர் ஒருவரை எங்கள் கடற்கரைக்கு அழைத்து வாருங்கள், அதன் பிறகு இடையூறா இல்லையா என்று பேசுவோம். கந்துக மதக்கரியை வசமாக நடத்தலாம், நீரின்மேல் நடக்கலாம் என்றெல்லாம் அடுக்கிய தாயுமானவரே, சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறம்தான் அரிது என்று முடித்திருக்கிறார்.

நாகர்கோவில் ஆசிரியர்:
குளச்சல் ஐயா கேட்பது வேறொரு கேள்வி. அவை உண்மையே என்று வைத்துக்கொண்டாலும் ஏன் தடையாகின்றன என்பதுதான் கொட்டாரம் ஐயாவின் ஐயம். ஆயினும் தாயுமானவரை அவர் நினைவூட்டியது பொருத்தமே.

தக்கலை ஐயா அந்த ஆறைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். யோகசூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையும் அவற்றையே சுட்டுகிறது. ஆனால் அந்த ஒரு சூத்திரத்தை வைத்து வழக்கை முடிக்க இயலாது, ஏனெனில் பட்டியல் முழுவதும் முடிந்த பிறகு பதஞ்சலி இதே விஷயத்துக்குத் திரும்பி வருகிறார். 49ஆவது சூத்திரத்தில், புத்தியின் தெளிவும், உள்நின்று காணும் ஆன்மாவாகிய புருஷனும் வேறு என்று கண்டவனுக்கு எல்லாவற்றின்மேலும் ஆட்சியும் எல்லாவற்றையும் அறியும் ஆற்றலும் வருகின்றன என்கிறார். இதற்கு மேல் ஒரு சித்தி இருக்க முடியாது. அடுத்த சூத்திரமோ, அதன்மீதும் பற்று நீங்கி, குற்றங்களின் வித்து அழியும்போதுதான் முடிவான விடுதலையாகிய கைவல்யம் என்கிறது. எல்லாம் அறியும் ஆற்றலையே விடச் சொல்பவர் ஆகாயத்தில் செல்வதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வாரா?

காரணமும் அங்கேயே இருக்கிறது. மூன்றாம் பாதம் விரிக்கும் சித்திகள் சம்யமத்தால் வருபவை. தாரணை, தியானம், சமாதி மூன்றையும் ஒரே பொருளின்மேல் வைப்பதே சம்யமம். யானையின் வலிமைமேல் வைத்தால் யானையின் வலிமை வரும்; சூரியன்மேல் வைத்தால் உலகங்களின் அறிவு வரும். ஆக, ஒவ்வொரு சித்தியும் சித்தத்தை ஏதேனும் ஒரு பொருளை நோக்கித் திருப்பியே வைத்திருக்கிறது. யோகத்தின் இலக்கான புருஷனோ காண்பவன்; காணப்படும் பொருள்களில் ஒன்றல்லன். சித்தி எவ்வளவு பெரிதானாலும் அது புத்தியின் செயலாகவே நின்றுவிடுகிறது. ஒழுக்கம் கருதி மட்டும் ஆசிரியர்கள் தடுத்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் காரணத்தைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

தோவாளை:
என் அனுபவம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன், ஐயா. விடியற்காலையில் மூச்சைக் கவனித்து அமரும்போது சில நாட்களில் மல்லிகை மணம் மிகத் தெளிவாக வருகிறது. எங்கள் ஊரில் பூச்சந்தை இருப்பதால் முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சன்னலை அடைத்துவிட்டு அமர்ந்தபோதும் வந்தது. சொல்லித்தருபவரிடம் கூறினேன், அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் பயிற்சியைத் தொடரும்படி மட்டும் சொன்னார். இது சித்தியா?

நாகர்கோவில் ஆசிரியர்:
அம்மா, பூச்சந்தை உள்ள ஊரில், பழகிய மணத்தை மனம் தானே எழுப்பிக்கொள்வதும் இயல்பு என்பதால், அதைச் சித்தி என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு நெருங்கிய செய்தி முதல் பாதத்தின் 35ஆவது சூத்திர உரையில் இருக்கிறது. மூக்கு நுனியில் மனத்தை நிறுத்தினால் தெய்விக மணமும், நாக்கு நுனியில் நிறுத்தினால் சுவையும் தோன்றும் என்கிறார் வியாசர். சாத்திரத்தின் ஒரு பகுதியையேனும் தானே நேரில் உணராதவரை மற்றவை எல்லாம் கேள்விப்பட்ட செய்தியாகவே நிற்கும் என்பதால், மனம் உறுதிப்பட இத்தகைய அனுபவம் உதவும் என்றும் சொல்கிறார். அந்த அளவில் அது நல்லதே.

அது தடையாக மாறிவிட்டதா என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். மணம் வந்ததா என்று பார்க்கவே அமர்கிறீர்களா, வராத நாளில் பயிற்சி வீணாயிற்று என்று எழுந்துவிடுகிறீர்களா, மூச்சிலிருந்து கவனம் நழுவி மணத்தின் பின்னால் போகிறதா என்று கவனியுங்கள். பேச வேண்டாம் என்று உங்கள் ஆசிரியர் சொன்னதற்கும் காரணம் இருக்க வேண்டும். பிறரிடம் சொல்லத் தொடங்கியதும் அது மறுநாளும் வர வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

தோவாளை:
இரண்டாவது எனக்குப் பொருந்துகிறது. வராத நாட்களில் சீக்கிரமாக எழுந்துவிடுகிறேன்.

தக்கலை:
ஆசிரியர் ஐயாவே இப்போது என் பக்கத்துக்குப் பாதி வந்துவிட்டார். அந்த அனுபவங்கள் நம்பிக்கைக்கு உதவும் என்றால் அவற்றைத் தடை என்று மட்டும் சொல்வது சரியாகாது.

நாகர்கோவில் ஆசிரியர்:
தொடக்கத்தில் உதவுவது பின்னர் தடையாகலாம். இரண்டும் ஒரே பயிற்சியின் வெவ்வேறு இடங்கள். எந்த இடத்தில் ஆபத்து மிகுதி என்பதை மூன்றாம் பாதத்தின் 51ஆவது சூத்திரத்துக்கான உரை சொல்கிறது. யோகியரை வியாசர் நான்கு நிலையினராகப் பிரிக்கிறார்: ஒளி அப்போதுதான் தோன்றத் தொடங்கிய முதல் நிலையினர், உண்மையைத் தாங்கிய அறிவு பெற்ற மதுபூமியினர், பூதங்களையும் பொறிகளையும் வென்றவர், எல்லாவற்றையும் கடந்து சித்தம் ஒடுங்குவது மட்டுமே எஞ்சியவர். தேவர்கள் அழைப்பது இரண்டாம் நிலையினரைத்தான். இங்கே அமருங்கள், இந்த மருந்து மூப்பையும் சாவையும் போக்கும், இந்த ஊர்தி வானில் செல்லும் என்றெல்லாம் அழைக்கிறார்கள். அப்போது பிறவித் தீயில் வெந்து, அரிதில் ஏற்றிய யோகவிளக்குக்குப் புலன்பொருள்களே பகைக்காற்று என்று அவர் எண்ண வேண்டும். அழைப்பை மறுத்த பின்னும் ஆபத்து தீர்வதில்லை. "தேவர்களே என்னை வேண்டினார்கள்" என்ற பெருமிதமும் கூடாது என்கிறது சூத்திரம். இந்த நூலில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுவே. ஆசையை வென்றவரும் வென்றோம் என்ற எண்ணத்தில் விழலாம் என்பதை இவ்வளவு நுட்பமாக எச்சரித்திருக்கிறார்கள்.

தக்கலை:
அந்த வகைப்பாடே எனக்குச் சான்றாகிறது. மூன்றாம் நிலையினர் பூதங்களை வென்று சித்திகளை முழுமையாகப் பெற்றவர். தேவர்கள் தரக்கூடியது அவரிடமே இருப்பதால் அவரை அழைப்பதில்லை என்று வியாசர் உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி சொல்கிறார். சித்தியோடு இருப்பவர் பாதுகாப்பாகவும், சித்தி முழுமையடையாதவர் ஆபத்திலும் இருக்கிறார்கள் என்றால், பெறுவதே பிழை என்று எப்படிச் சொல்வது?

நாகர்கோவில் ஆசிரியர்:
பெறுவது பிழை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றாம் நிலையினருக்கும், அடைந்ததைக் காத்துக்கொண்டு, இன்னும் செய்ய வேண்டிய சாதனை இருக்கிறது என்கிறது அதே உரை. வழியில் அவர் நிற்கிறார், முடிவில் இல்லை.

கொட்டாரம் வாசகர்:
எதற்காக எழுதினார்கள் என்பது ஓரளவு தெளிவாயிற்று. பிறர் துன்பம் தீர்க்க மட்டும், பற்றில்லாமல் ஒருவர் சித்தியைப் பயன்படுத்தினால் அதுவும் தடையாகுமா?

நாகர்கோவில் ஆசிரியர்:
நான் குறிப்பிட்ட சூத்திரங்கள் பற்றையும் பெருமிதத்தையும்தான் விலக்குகின்றன. பயன்படுத்துவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் பிறர் துன்பத்தின்மேல் சித்தத்தை வைத்திருக்கும் நேரத்தில் அது வெளிமுகமாகவே இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் சமாதி இல்லை என்று நான் நினைக்கிறேன்.

தக்கலை:
அந்த நேரத்துக்கு மட்டும்தானே? மீண்டும் உள்முகமாக அவரால் திரும்ப முடியாது என்று நூல் எங்கும் சொல்லவில்லை.