விளக்கு சரியான கட்டத்தில்தான் எரிகிறது, ஆனால் பெட்டியில் வேறு பலகாரம் போகிறது: உதவி தேவை

காரைக்குடி பலகாரக் கிடங்கு

வணக்கம். ஆச்சி ஒருவர் நடத்தும் பலகார நிறுவனத்தில் ஆர்டர் அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கிடங்கு ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் வேகமாக விற்கும் 60 பொருட்களுக்கு விளக்கு முறை வைத்திருக்கிறோம். கட்டத்தின் முன் விளக்கு எரியும், எத்தனை பொட்டலம் என்று எண் தெரியும், எடுத்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டாங்கட்டில் இருக்கும் மீதி 80 பொருட்களுக்குக் குரல் முறை. ஹெட்செட் இடத்தைச் சொல்லும், போனவர் அங்கே ஒட்டியிருக்கும் 2 இலக்கச் சரிபார்ப்பு எண்ணைச் சொன்னால்தான் எத்தனை எடுக்க வேண்டும் என்று அடுத்துச் சொல்லும்.

காகிதப் பட்டியல் இருந்த காலத்தைவிடத் தவறுகள் நிச்சயமாகக் குறைந்தன. ஆனால் தீபாவளி ஆர்டர்கள் தொடங்கிய பிறகு 3 வாரத்தில் 31 புகார்கள். தேன்குழல் கேட்டவருக்கு முள்ளு முறுக்கு போயிருக்கிறது. கருவியைக் கொடுத்தவர்கள் வந்து பார்த்து, எல்லா விளக்கும் சரியாக எரிகிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள். விளக்கு சரி என்றால் தவறு எங்கே நுழைகிறது? எங்கள் பிள்ளைகளைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூவருமே நன்றாக வேலை செய்கிறவர்கள்.

பள்ளத்தூர் சரக்கு

வளவு என்றீர்களே, அங்கேதான் விடை இருக்கிறது. நடுப்பகலில் வெயில் நேராக உள்ளே விழும்போது சிறிய விளக்கு எரிவதே கண்ணுக்குத் தெரியாது. எரியும் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் கை போய்விடும். மேலே பந்தல் போட்டு மறையுங்கள், 31 புகாரும் நின்றுவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். எடுக்கும் முன்பே பொத்தானை அழுத்தும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் எல்லாரும் அதைச் செய்வார்கள்.

தேவகோட்டை கண்டாங்கி

நாங்கள் கண்டாங்கிச் சேலை விற்கிறோம். எங்களுக்கும் இந்த விளக்கு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் அனுபவத்தைப் படித்ததும் தயக்கமாக இருக்கிறது. எங்களிடம் ஒரே மாதிரிச் சேலை இரண்டு மூன்றுதான் இருக்கும், வாரம் ஒருமுறை இடமும் மாறும். விளக்கு ஒன்றுக்கு எவ்வளவு செலவானது?

காரைக்குடி பலகாரக் கிடங்கு

தேவகோட்டை அண்ணன், விலை விவரம் ஆச்சியிடம் கேட்டுத் தனியாகச் சொல்கிறேன். பள்ளத்தூர் அண்ணன், வெயில் விஷயம் இதுவரை எனக்குத் தோன்றவில்லை, இன்றே கவனிக்கிறேன்.

ஒரகடம் கிடங்கு

12 ஆண்டுகளாக உதிரிபாகக் கிடங்குகளில் இந்த இரண்டு முறைகளோடும்தான் வேலை செய்கிறேன். தங்கை, பந்தல் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 31 புகாரையும் ஒரே குவியலாகப் பார்க்காதீர்கள். வேறு பொருள் போனது, எண்ணிக்கை தவறியது, ஒருவர் பொருள் மற்றொருவர் பெட்டிக்குப் போனது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பிறகு வேறு பொருள் போன புகார்களுக்கு மட்டும், எந்தக் கட்டம், எந்த நேரம், யார் எடுத்தார் என்று பதிவிலிருந்து எழுதுங்கள். பல கட்டங்களில் ஒரே ஆள் தவறினால், அவர் வேலை செய்யும் விதத்தில் ஏதோ இருக்கிறது. ஒரே கட்டத்தில், ஒரே பொழுதில், பல பேர் கையில் தவறினால், எடுத்தவர்கள்மேல் தவறே இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பியபோதே வேறு சரக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. விளக்குக்கும் சரி, குரலுக்கும் சரி, இடம்தான் தெரியும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

காரைக்குடி பலகாரக் கிடங்கு

இரவு உட்கார்ந்து பிரித்தேன். வேறு பொருள் 19, எண்ணிக்கை 7, பெட்டி மாறியது 5.

அந்த 19-இல் 12 விளக்குப் பகுதியில் நடந்தவை. அதில் 9 புகார்கள் ஒரே நாளில், பிற்பகல் 2 மணியிலிருந்து 3.30-க்குள், தேன்குழல் 200 கிராம் கட்டத்தில். மூன்று பேருமே எடுத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்தப் புகார்கள் வந்தபோது ஒரு பையனைக் கடிந்து பேசியிருந்தேன்.

ஒரகடம் கிடங்கு

அந்தப் பையனிடம் பேசிவிடுங்கள், அது முக்கியம். இப்போது இன்னொரு சோதனை. தேன்குழலையும் முள்ளு முறுக்கையும் கையால் எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நிரப்பியதில் தவறு என்றால் ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று அதே அளவு குறைவாகவும் இருக்கும். அந்த அளவு உங்கள் அட்டைப்பெட்டியில் அடங்கும் எண்ணிக்கையாக இருக்கும்.

காரைக்குடி பலகாரக் கிடங்கு

எண்ணினோம். தேன்குழல் 20 கூடுதல், முள்ளு முறுக்கு 20 குறைவு. சமையற்கட்டிலிருந்து வரும் அட்டைப்பெட்டியில் 20 பொட்டலம்தான் இருக்கும்! பெட்டிமேல் கையால் எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே ஒட்டுகிறோம். உள்ளே இருக்கும் பைகள் எல்லாம் ஒரே வெள்ளி நிறம், பெயர் மட்டும்தான் வேறு. அன்று சாப்பாட்டு நேரத்தில் நிரப்பியவர் சீட்டு விழுந்துபோன பெட்டியைத் திறந்திருக்கிறார். அந்த 20 பொட்டலமும் 14 ஆர்டர்களில் போயிருக்கின்றன. 9 பேர் புகார் சொன்னார்கள், மீதி 5 பேருக்கு நாங்களே இன்று தொலைபேசியில் பேசினோம்.

பள்ளத்தூர் சரக்கு

அப்படியென்றால் என் வெயில் கணக்கு தவறா?

காரைக்குடி பலகாரக் கிடங்கு

முழுவதும் தவறில்லை, அண்ணன். விளக்குப் பகுதியில் மீதியுள்ள 3 புகாரும் வெயில் விழும் வரிசையில், 11.30-இலிருந்து 12.30-க்குள் நடந்தவை, மூன்றிலும் பக்கத்துக் கட்டத்துப் பொருள்தான் போயிருக்கிறது. அந்த நேரத்தில் நானே நின்று பார்த்தேன், இரண்டு முழ தூரத்தில் விளக்கு எரிவது தெரியவில்லை. பந்தலுக்குச் சொல்லிவிட்டேன். எண்ணிக்கை தவறிய 7-இல் 6 குறைவாகப் போனவை. நீங்கள் சொன்னபடி, பொத்தானை அழுத்திவிட்டு எடுக்கிறார்கள். அழுத்தியவுடன் எண் அணைந்துவிடுகிறது, 4-ஆ 3-ஆ என்பது மறந்துவிடுகிறது.

ஒரகடம் கிடங்கு

நல்லது. நிரப்பும் இடத்துக்குப் பூட்டுப் போடுங்கள். சமையற்கட்டிலேயே அட்டைப்பெட்டிக்குப் பார்கோடு ஒட்ட வேண்டும். நிரப்புகிறவர் முதலில் பெட்டியையும் பிறகு கட்டத்தையும் வருட வேண்டும், இரண்டும் பொருந்தினால்தான் இருப்பு ஏற வேண்டும். எடுப்பவர் ஒவ்வொரு பொட்டலத்தையும் வருடினால் வேகம் போய்விடும். நிரப்பும்போது வருடினால் 20 பொட்டலத்துக்கு ஒரே முறைதான். தேன்குழலும் முள்ளு முறுக்கும் அடுத்தடுத்த கட்டத்தில் இருந்தால் உடனே பிரித்து வையுங்கள்.

இனி குரல் பகுதியின் 7. அங்கே இருப்பவர்கள் எத்தனை மாதமாக இருக்கிறார்கள்?

காரைக்குடி பலகாரக் கிடங்கு

இரண்டு பேர், ஓராண்டுக்கு மேல். ஒருவர் மிகவும் வேகம். 7-இல் 5 அவருடையவை, எல்லாம் வேறு வேறு இடங்கள்.

ஒரகடம் கிடங்கு

அவருக்குச் சரிபார்ப்பு எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. குரல் முறையில் நான் போன இடமெல்லாம் பார்த்த நோய் இது. ஹெட்செட் இடத்தைச் சொன்னவுடன், நடக்கும்போதே எண்ணைச் சொல்லிவிடுவார். கருவியும் இடத்தை அடைந்துவிட்டார் என்று நம்பி எண்ணிக்கையைச் சொல்லிவிடும். பிறகு கை பக்கத்துக் கட்டத்தில் போனாலும் தடுக்க ஆள் இல்லை. பதிவில் பாருங்கள், இடத்தைச் சொன்னதற்கும் எண் வந்ததற்கும் எத்தனை நொடி?

காரைக்குடி பலகாரக் கிடங்கு

இரண்டாங்கட்டின் கடைசி அடுக்குக்கு வாசலிலிருந்து 15 அடியாவது நடக்க வேண்டும். அவருக்குப் பல இடங்களில் 1 நொடி, 2 நொடி என்று இருக்கிறது.

ஒரகடம் கிடங்கு

அதுதான். இன்று இரவே எல்லா எண்களையும் மாற்றுங்கள். 11, 12, 13 என்று வரிசையாக வைக்காதீர்கள், தாறுமாறாக இருக்கட்டும். சீட்டைச் சின்னதாக அச்சிட்டு, கட்டத்தின் முன் நின்றால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். அவரைத் தண்டிக்காதீர்கள். வேகமாக எடுத்தால் பாராட்டுகிற இடத்தில் யாரும் இதைத்தான் செய்வார்கள்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பொருட்களுக்கு மட்டும் இன்னொரு படி வைக்கலாம். பொட்டலத்துப் பார்கோடின் கடைசி 3 எண்களைச் சொல்ல வையுங்கள். 200 கிராமும் 500 கிராமும் வேறு வேறு பார்கோடு என்பதால் அதுவும் பிடிபடும். அப்போதுதான் கருவி இடத்தை மட்டுமல்லாமல் பொருளையும் கேட்கிறது.

தேவகோட்டை கண்டாங்கி

இவ்வளவு செய்வதற்குப் பதிலாகப் பெட்டியைக் கடைசியில் எடை போட்டால் தெரிந்துவிடாதா? கூரியர்காரர் எப்படியும் எடை போடுகிறாரே.

ஒரகடம் கிடங்கு

ஒரு பொட்டலம் குறைந்தாலோ, 200-க்குப் பதில் 500 போனாலோ எடை காட்டிக்கொடுக்கும். அந்த 6 எண்ணிக்கைத் தவறுகளை அது பிடித்திருக்கும், அதனால் வைத்துக்கொள்வது நல்லதுதான். 200 கிராம் தேன்குழலும் 200 கிராம் முள்ளு முறுக்கும் தராசுக்கு ஒன்றுதான்.

உங்கள் கேள்விக்கும் சொல்கிறேன், அண்ணன். இடம் நிலையாக இருந்து, ஒரே பொருள் திரும்பத் திரும்பப் போகிற இடத்துக்குத்தான் விளக்கு. இரண்டு மூன்று சேலைக்கு ஒரு விளக்கு வைத்தால் கட்டுபடியாகாது. சேலையின் சீட்டிலேயே பார்கோடு ஒட்டி வருடுங்கள், போதும்.

காரைக்குடி பலகாரக் கிடங்கு

எண்களை மாற்றி 9 நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் குரல் பகுதி தெளிவாகவே மெதுவானது, ஆச்சி காரணம் கேட்டார். இப்போது ஓரளவு பழைய வேகம் வந்துவிட்டது. குரல் பகுதியிலிருந்து இதுவரை 1 புகார். நிரப்பும்போது வருடுவது தொடங்கிய நாளிலேயே கருவி 2 பெட்டிகளை மறுத்தது. அந்தப் பையனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

பெட்டி மாறிய 5 புகார்கள்தான் இன்னும் பிடிபடவில்லை. ஒரு வண்டியில் 8 ஆர்டர்களுக்கான பெட்டிகளை வைத்து ஒரே சுற்றில் எடுக்கிறோம். எடுக்கும் இடத்தில் விளக்கு இருக்கிறது, வண்டியில் எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்பதற்கு எண் மட்டும்தான். அங்கேயும் விளக்கு வைக்கலாமா, அல்லது 8-ஐ 4-ஆகக் குறைத்தாலே போதுமா?

பள்ளத்தூர் சரக்கு

நாலாகக் குறைத்தால் நடை இரட்டிப்பாகும். தீபாவளி நேரத்தில் அது தாங்காது.

ஒரகடம் கிடங்கு

5 புகாரை வைத்து வண்டிக்கு விளக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் 8, ஒரு வாரம் 6 என்று ஓட்டிப் பாருங்கள். அந்த 5-இலும் பொருள் போய்ச் சேர்ந்தது பக்கத்துப் பெட்டியா, மேல் தட்டா, கீழ்த் தட்டா என்று எழுதி வையுங்கள். மேலும் கீழும் மாறியிருந்தால் எண் ஒட்டிய இடம்தான் காரணமாக இருக்கும்.