இலக்கு முடிஞ்ச நிதி திரட்டும் பக்கத்தை எப்படி மூடறது? 212 பேர் விவரம் கையில இருக்குது

கோபி ரேவதி

வணக்கமுங்க. சித்தப்பா பேரனுக்கு கோயமுத்தூர்ல இருதய ஆபரேஷன். அதுக்காக ஒரு நிதி திரட்டும் தளத்துல என் பேர்ல பக்கம் போட்டிருந்தேன். இலக்கு 6,50,000. வந்தது 6,61,500. தளத்துக்காரங்களே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டிட்டாங்க, பையனும் வீட்டுக்கு வந்தாச்சு. ஆனா பக்கம் திறந்தே கிடக்குது, நேத்துக்கூட 500 விழுந்துது. அழிக்கப் போனா, பணம் வந்த பக்கத்தை அழிக்க முடியாது, மூடத்தான் முடியும்னு வருது.

இது போக சொந்தபந்தத்துக்குள்ள என் யுபிஐ கியூஆர் சுத்திவிட்டு தனியா 84,300 வந்துது. கூகுள் ஃபாரம்ல பேர், போன், ஊர், பான் நம்பர் எல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். 212 பேர். அந்த ஷீட் லிங்க் வாட்ஸப் குழுவுல கிடக்குது. இதையெல்லாம் எந்த வரிசையில முடிக்கறதுங்க?

திருப்பூர் தணிகை

முதல் வேலையா எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்க. 2023ல டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சு, அடுத்தவங்க விவரத்தை வெச்சிருந்தா 250 கோடி அபராதம். பான் நம்பரை மட்டும் விட்டு வைங்க, 80ஜி வரிக்கழிவு ரசீதுக்கு வேணும்.

ஈரோடு மல்லிகா

தணிகை, ரெண்டுமே தலைகீழா இருக்குது. அழிக்க வேண்டியது பான் நம்பரை, அவசரப்படக் கூடாதது மத்ததுல.

80ஜி கழிவு பதிவு வாங்கின அறக்கட்டளைக்குக் கொடுத்தாத்தான். ஒரு குழந்தையோட வைத்தியத்துக்கு ரேவதி கணக்குல போட்ட பணத்துக்குக் கிடையாது. அதனால அந்த 212 பான் நம்பருக்கு இப்பவும் வேலையில்லை, இனியும் இருக்காது. பேரும் போனும் பானும் ஒரே ஷீட்ல இருக்கறதுதான் இதுல பெரிய ஆபத்து.

250 கோடிங்கறது பாதுகாப்பு ஏற்பாடே செய்யாத நிறுவனங்களுக்கான உச்சவரம்பு. அந்தச் சட்டத்தோட விதிகள் 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க, முக்கியமான கடமைகளுக்கு அதுலருந்து 18 மாசம் அவகாசம். தனிநபர் சொந்தக் காரியத்துக்கு வெச்சிருக்கற விவரத்துக்கு அது பொருந்தாதுன்னும் இருக்குது. நூத்துக்கணக்கான பேர்கிட்ட வசூல் பண்ணினதை சொந்தக் காரியம்னு சொல்லலாமாங்கறது வேற கேள்வி. சட்டத்துக்குப் பயந்து இல்லைன்னாலும், வேலை முடிஞ்ச விவரத்தை வெச்சுக்கிட்டு இருக்காதீங்க.

ரேவதி, வரிசை இப்படி வெச்சுக்குங்க. முதல்ல வரவை நிறுத்துங்க. பக்கத்துல நன்கொடை வாங்கறதை மட்டும் நிறுத்தற அமைப்பு இருந்தா அதைத் தட்டுங்க, இல்லைன்னா தளத்தோட உதவிப் பிரிவுக்கு எழுதி நிறுத்தச் சொல்லுங்க. பக்கத்தை இன்னும் மூடாதீங்க. மூடினப்பறம் சில தளங்கள்ல நன்கொடையாளர் பட்டியலை இறக்கவும் முடியாது, கதையைத் திருத்தவும் முடியாது. இலக்கு முடிஞ்சப்பறம் வந்த தொகைகளைத் திருப்பறதா, மேல்சிகிச்சைக்கு வெச்சுக்கறதான்னு முடிவு பண்ணி, பக்கத்துலயே பொது அறிவிப்பா போடுங்க. அதுக்கப்பறம் பட்டியலை இறக்குங்க. மூடறது கடைசி.

சூலூர் பிரபு

மல்லிகாக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. இறக்கற பட்டியல் CSV ஃபைலா வரும். அதை எக்செல்ல அப்படியே ரெண்டு தட்டு தட்டித் திறந்து சேமிச்சுப் போடாதீங்க. யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம். எக்செல் அதை `4.12E+11` மாதிரி காட்டும். அந்த நிலையிலயே CSVயா சேமிச்சா கடைசி இலக்கங்கள் போயே போயிரும், பின்னால பணம் திருப்பறப்ப பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட முடியாது. எக்செல்ல Data மெனுவுல From Text/CSV வழியா கொண்டாந்து, அந்தப் பத்தியை Text ஆக்குங்க. இறக்கின மூல ஃபைலைத் தொடாம தனியா வைங்க.

மூடறதுக்கு முன்னால பக்கத்துல இருக்கற பையன் போட்டோவையும், ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டையும் எடுத்துருங்க. மூடின பக்கமும் பல தளத்துல யார் வேணும்னாலும் பார்க்கற மாதிரித்தான் நிக்கும், தேடினா வரும். எஸ்டிமேட் தாள்ல பையன் பேர், வயசு, ஆஸ்பத்திரிப் பதிவு எண், நோய் எல்லாம் இருக்குது. நன்கொடை கொடுத்தவங்களுக்குக் காட்டின தாள் அது, பையன் பெரியவனாகி வேலை தேடறப்ப கூகுள்ல கிடக்க வேண்டியதில்லை.

எடுக்கறதுக்கு முன்னால அந்தப் படங்களோட முகவரியைத் தனியா நகல் எடுத்து வெச்சுக்குங்க. பக்கத்துலருந்து நீக்கினப்பறமும் படத்தோட நேர் முகவரி திறக்கறது சகஜம். ரெண்டு நாள் கழிச்சு Incognito சன்னல்ல அந்த முகவரியைப் போட்டுப் பாருங்க. திறந்தா முகவரியோட தளத்துக்கு எழுதுங்க. தளத்துல போனப்பறமும் கூகுள் தேடல்ல பழைய வரிகள் தெரிஞ்சா, அதுக்கு Refresh Outdated Content னு ஒரு கருவி இருக்குது. பக்கம் உண்மையிலேயே மாறியோ காணாமப் போயோ இருந்தாத்தான் அது கோரிக்கையை ஏத்துக்கும், அதனால முன்கூட்டிப் போட்டுப் பிரயோஜனமில்லை.

பொள்ளாச்சி தேங்காமண்டி

எங்க மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு டிரஸ்ட் பேர்ல வசூல் பண்ணி, கல்வெட்டுலயும் பேர் போட்டாச்சு. இப்ப ஒருத்தர் வந்து அவர் பேரையும் தொகையையும் எடுக்கச் சொல்றாரு. கல்லைச் செதுக்கறதா? பான் நம்பரையும் அழிக்கலாம்ங்களா?

ஈரோடு மல்லிகா

உங்க கதை வேறங்க. டிரஸ்ட்டுக்கு 80ஜி இருந்தா, கொடுத்தவங்க விவரத்தை படிவம் 10பிடில, நிதியாண்டு முடிஞ்ச மே 31க்குள்ள தாக்கல் பண்ணணும், அவங்களுக்குச் சான்றிதழும் கொடுக்கணும். அதுக்கு பான் மாதிரி அடையாள எண் வேணும். அறக்கட்டளைக் கணக்குப் புத்தகத்தை, சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 10 வருஷம் வெச்சிருக்கணும். அவர் கேட்டாலும் அந்தப் பதிவை அழிக்க முடியாது. கல்வெட்டு ஊர்க் கமிட்டி பேசித் தீர்க்க வேண்டியது, அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. இங்க ரேவதி கேட்டதுக்கு வர்றேன்.

84,300ஐ இனி கவனிக்கணும். வருமானவரிச் சட்டம் 1961ல 56(2)(x) பிரிவுப்படி, சொந்தக்காரங்க அல்லாதவங்க ஒரு வருஷத்துல கொடுத்தது மொத்தம் 50,000ஐத் தாண்டினா முழுத் தொகையும் வாங்கினவர் வருமானம். 2026 ஏப்ரல்லருந்து புதுச் சட்டம், பிரிவு எண் மாறியிருக்கும். 'சொந்தம்'ங்கறதுக்கு அதுல கணக்கு வேற. உங்க சித்தப்பா, மாமா, அத்தை உள்ள வருவாங்க. அவங்க பிள்ளைங்க வரமாட்டாங்க. நம்மூர்ல பங்காளி, மாமன் மகன்னு உரிமையோட கொடுத்த பணம் அங்க வெளியாள் பணம். பையனுக்காக உங்க கையில வாங்கி வெச்சதை உங்க வருமானம்னே சொல்ல முடியாதுன்னும் வாதாடலாம். அது ஆடிட்டரைப் பொறுத்தது. ரெண்டு பக்கமும் வாதாட, யார் எவ்வளவு எப்போ கொடுத்தாங்க, எதுக்குச் செலவாச்சுங்கற ஆதாரம் வேணும்.

அதனால பேர், தேதி, தொகை, பரிவர்த்தனை எண், உறவுமுறை. இந்த அஞ்சு பத்தி மட்டும் வைங்க, மருந்துப் பில்லோட. பான், ஊர், போன் போகலாம். பணம் திருப்பி முடிச்சப்பறம் போனை எடுங்க, முன்னால எடுத்தா யாரைக் கூப்பிடறது?

கோபி ரேவதி

ஷீட்ல பான் பத்தியை அழிச்சுட்டேங்க. ஃபாரமையும் நிறுத்திட்டேன். போதுங்களா?

சூலூர் பிரபு

போதாதுங்க. பத்தியை அழிச்சாலும் File மெனுவுல Version history போனா பழைய ஷீட் அப்படியே இருக்கும். திருத்தற உரிமை இருக்கறவங்க எல்லாருக்கும் அது தெரியும். ஃபாரம்ல வந்த பதில்கள் தனி நகல், ஷீட்ல அழிச்சா ஃபாரம்ல போகாது. ஃபாரம்ல அழிச்சாலும் ஷீட்ல போகாது.

முதல்ல Share போய் லிங்க்கை Restricted ஆக்குங்க. குழுவுல இருக்கற லிங்க் அப்பவே செத்துரும். ஒரு புது ஷீட் திறந்து, அக்கா சொன்ன அஞ்சு பத்தியையும், பணம் திருப்பி முடிக்கற வரைக்கும் போன் பத்தியையும் மட்டும் Paste special வழியா மதிப்பா ஒட்டுங்க. Make a copy போடாதீங்க, ஃபாரமோட சேர்ந்த ஷீட்டை நகல் எடுத்தா ஃபாரமுக்கும் ஒரு நகல் விழும். புது ஷீட் சரியா இருக்குதான்னு கூட்டிப் பாருங்க, 84,300 வரணும். வந்தப்பறம் ஃபாரமுக்குள்ள Responses பக்கத்துல Delete all responses, பழைய ஷீட்டை Trashக்கு, Trashலருந்து நிரந்தரமா. விட்டு வெச்சா 30 நாள் அங்கயே இருக்கும்.

கியூஆருக்குக் காலாவதி கிடையாது. உள்ள இருக்கறது இவ்வளவுதான்:

```
upi://pay?pa=உங்கள்ஐடி@வங்கி&pn=பெயர்
```

அந்த ஐடி உயிரோட இருக்கற வரைக்கும் அடுத்த வருஷம் கூட யாராச்சும் பழைய போஸ்டரைப் பார்த்துப் பணம் போடுவாங்க. செயலியில புது ஐடி உண்டாக்கிட்டு பழசை நீக்குங்க. போஸ்டரை எடுத்து கியூஆரை மாத்தி ஒட்டி வசூல் பண்றவங்களும் உண்டு, அப்படி எதாச்சும் காதுக்கு வந்தா 1930க்குச் சொல்லுங்க.

இன்னொரு சூது. "தெரியாம 5,000 அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க"ன்னு போன் வரும். பணம் எந்த ஐடிலருந்து வந்துதோ அதுக்கு மட்டும் திருப்புங்க.

திருப்பூர் தணிகை

நன்றி சொல்றதுக்காச்சும் ஸ்டேட்மென்ட் ஸ்கிரீன்ஷாட்டை குழுவுல போடலாம் இல்லைங்களா? கணக்குக் காட்டின மாதிரியும் ஆச்சு.

சூலூர் பிரபு

அதுல பாதிப் பேர் ஐடியே அவங்க போன் நம்பர்தான். மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி. மூணு வரி போதும். கேட்கறவங்களுக்கு அவங்கவங்க வரியை மட்டும் காட்டுங்க.

கோபி ரேவதி

பக்கம் மூடியாச்சுங்க. கடைசியா வந்த 500ஐ தளமே திருப்பிட்டாங்க. பழைய ஷீட்டும் போயாச்சு. ஆனா குழுவுல ஒருத்தர் முன்னமே லிஸ்டை இறக்கி வெச்சிருக்காரு போல, அந்த நம்பர்களுக்குச் சீட்டுச் சேரச் சொல்லி போன் போகுதாம். தளத்துக்காரங்ககிட்ட என் கணக்கையும் விவரத்தையும் முழுசா நீக்கச் சொன்னதுக்கு, பணப் பதிவுகளை வெச்சிருப்போம்னு மட்டும் பதில்.

ஈரோடு மல்லிகா

தளம் பணப் பதிவை வெச்சிருக்கறதுல தப்பில்லை. பக்கத்துல தெரியற பேர், கருத்து, போட்டோவை நீக்கச் சொல்லி தனியா எழுதுங்க, அதுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

லிஸ்ட் எடுத்தவரை முதல்ல நேர்ல பாருங்க. அழிக்கச் சொல்லி ஒரு வாட்ஸப் மெசேஜும் எழுத்துல இருக்கட்டும். 212 பேருக்கும் தனித்தனியா, குழுவுல இல்லாம, "உங்க போன் நம்பரும் பானும் வெளிய போயிருக்கலாம், என் பேரைச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டா நம்பாதீங்க"ன்னு அனுப்புங்க. நம்பர்கள் இன்னும் கையில இருக்கறப்பவே செய்யுங்க, அப்பறம் அந்தப் பத்தியை எடுங்க.

கோபி ரேவதி

அவரு எங்க பெரிய மாமனாருங்க. நேர்ல எப்படிக் கேட்கறதுன்னுதான்…