குழு அரட்டையில் வரிசை எண் ஓட்டை: எப்படி அடைக்கிறீர்கள்?

வணக்கம். குழு அரட்டைக்கு பேக்எண்ட் வடிவமைக்கிறோம். போன்கள் வெப்சாக்கெட் வழியே வெவ்வேறு சர்வர்களில் இணைகின்றன. சர்வர் கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின்னாக ஓடுவதால், நேரத்தை நம்பினால் பதில் கேள்விக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். அதனால் உரையாடலுக்கு உரையாடல் ரெடிஸில் `INCR` போட்டு எண் வாங்கி, `conversation_id`, `seq` இரண்டையும் சாவியாக வைத்து கசாண்ட்ராவில் எழுதுகிறோம்.

42 வாங்கிய சர்வர் எழுதுமுன் விழுந்தால், போனுக்கு 41, 43 மட்டும் வரும். 42 தாமதமா, இல்லவே இல்லையா என்று அதற்குத் தெரியாது. டெலிவரி ரசீதை ஆளுக்கு ஒரே எண்ணாக, ‘இதுவரை வந்தது’ என்றுதான் வைத்திருக்கிறோம். 200 பேர் குழுவில் செய்திக்கொரு ரசீது கட்டுபடியாகாது. 43 என்று போட்டால் வராத 42-க்கும் இரட்டை டிக் விழும். 41-லேயே நின்றால் எதுவும் நகராது.

இப்போதைக்கு போன் 2 விநாடி பார்த்துவிட்டு வரலாற்றைக் கேட்கிறது. அங்கும் இல்லையென்றால் சர்வர் `IF NOT EXISTS` போட்டு 42-இல் வெற்றுச் செய்தி எழுதி அடைக்கிறது. அசல் செய்தியும் அதே நிபந்தனையோடுதான் எழுதப்படுகிறது. தாமதமானால் தோற்று, புது எண் வாங்கும். சரியாக வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் பேக்ஸோஸ் சுற்று என்பதால் மெதுவாகிறது.

எண் கொடுப்பதையும் எழுதுவதையும் உரையாடலுக்கு ஒரே சர்வரிடம் விட்டவர்கள் உண்டா? பொறுப்பு கைமாறும்போது, பழைய சர்வரும் புதியதும் ஒரே எண்ணைக் கொடுக்காமல் எப்படித் தடுத்தீர்கள்?