குரூப் 4 கணக்கு: ஒரு தலைப்பை முடிச்சுட்டு அடுத்ததா, எல்லாத்தையும் கலந்து போடுறதா?

மாலைநேர வாசகன்:
தேர்வுக்கு 90 நாள் இருக்கு. சாயங்காலம் 2 மணி நேரம்தான் கிடைக்கும், அதுல 40 நிமிஷம் கணக்குக்கு. ஒரு தலைப்பை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகணுமா, இல்ல ஒரே உட்காரல்ல நாலஞ்சு தலைப்பைக் கலந்து போடணுமா? ரெண்டுல எதுன்னாலும் அட்டவணை எப்படிப் போடுறது?

ஒன்றேசெய்:
ஒண்ணை முடிங்க தம்பி, அப்புறம் அடுத்தது. சதவீதம் பிடிபடாதவருக்குத் தனிவட்டி வராது, தனிவட்டி தெரியாதவருக்குக் கூட்டுவட்டி வராது. ஒரு தலைப்புக்கு 5 நாள், 40 கணக்கு. முதல் பத்துல தடுமாறுவீங்க, முப்பதைத் தாண்டினா கை தானா ஓடும். அரைகுறையா நாலு தலைப்பைத் தொட்டுட்டு வந்தா நாலுமே நிக்காது. 200 கேள்வியில 25 கணக்கு, ஒண்ணுக்கு 1.5 மதிப்பெண். அந்த 37.5-ஐ உறுதியா வாங்க இதுதான் வழி.

சுண்ணக்கட்டி:
சதவீதம் முதல்ல, வட்டி அப்புறம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. "கை தானா ஓடும்" என்ற இடத்தில்தான் சிக்கல். மீ.பெ.கா, மீ.சி.ம தலைப்பையே எடுத்துக்கொள்வோம் (பழைய புத்தகங்களில் மீ.பொ.வ, மீ.பொ.ம என்று இருக்கும்). மீ.சி.ம பயிற்சியில் நாற்பது கணக்குப் போடும்போது, நாற்பதுக்கும் மீ.சி.ம-தான் காணவேண்டும் என்பதைப் பக்கத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. கை ஓடுவது பெருக்கலில். எந்த முறை என்று முடிவெடுக்கும் வேலையை அந்த நாற்பதில் ஒருமுறைகூடச் செய்யவில்லை. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது.

இந்த இரண்டைப் பாருங்கள்.

முதல் கணக்கு: 6, 8, 12 ஆகிய மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகப்பெரிய இரண்டிலக்க எண் எது?

இரண்டாவது: 36 ஆரஞ்சு, 48 ஆப்பிள். ஒவ்வொரு பையிலும் ஒரே வகைப் பழம், எல்லாப் பையிலும் சம எண்ணிக்கை. குறைந்தது எத்தனை பை வேண்டும்?

தனித்தனியாகப் படித்தவர்களில் பலர் "மிகப்பெரிய என்றால் மீ.பெ.கா, குறைந்தது என்றால் மீ.சி.ம" என்று சொல்லைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இங்கே இரண்டும் தலைகீழ். முதலாவதில் மீ.சி.ம 24, அதன் மடங்குகளில் 100-க்குள் பெரியது 96. இரண்டாவதில் மீ.பெ.கா 12, ஆக ஆரஞ்சுக்கு 3 பை, ஆப்பிளுக்கு 4, மொத்தம் 7.

கேட்கவேண்டிய கேள்வி வேறு: கொடுத்த எண்களைச் சமமாக வெட்டுகிறோமா, அல்லது மடங்கு மடங்காக அடுக்கிக்கொண்டு போகிறோமா? பழத்தை வெட்டிப் பிரிக்கிறோம், அது காரணி. வகுபடும் எண்ணைத் தேடி மேலே ஏறுகிறோம், அது மடங்கு. இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து மோதினால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கமே வரும்.

பாதிபாதி:
கலந்து படிக்கறது நல்லதுதான், நானும் அதைத்தான் சொல்றேன். 20 நிமிஷம் தமிழ், 20 நிமிஷம் பொது அறிவு, 20 நிமிஷம் கணக்கு, திரும்ப தமிழ். சலிப்பே தட்டாது.

சுண்ணக்கட்டி:
பாதிபாதி, அது பாடம் மாற்றுவது. களைப்புக்கு உதவலாம். ஆனால் திருக்குறளையும் வட்டிக் கணக்கையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் பிரித்தறியும் பயிற்சி எதுவும் கிடைக்காது. ஒன்றுபோலத் தோன்றி, வேறு முறையில் தீர்பவற்றைத்தான் கலக்கவேண்டும்: தனிவட்டியோடு கூட்டுவட்டி, மீ.பெ.கா-வோடு மீ.சி.ம, பரப்பளவோடு சுற்றளவு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாடம் மாற்றினால், புத்தகம் எடுத்து, விட்ட இடம் தேடி உட்காரவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும். 2 மணி நேரம் மட்டும் உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது.

ஒன்றேசெய்:
நீங்க சொல்ற பழக் கணக்கு சரி. ஆனா கலந்து போடச் சொன்ன பசங்க நிலைமை என்னன்னு பாத்திருக்கீங்களா? பத்துக்கு அஞ்சு தப்பு. மனசு விட்டுப்போய் கணக்கையே மூட்டை கட்டிடறாங்க. தனித்தலைப்பா போட்டா பத்துக்கு ஒம்பது வருது. எது வேலை செய்யுதுன்னு கண்ணுக்கே தெரியுதே.

சுண்ணக்கட்டி:
அந்த ஒன்பதுதான் ஏமாற்றுகிறது. 2007-இல் அமெரிக்காவில் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு நாலு வகைத் திண்மங்களின் கனஅளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி நேரத்தில் வகை வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகை வகையாகப் போட்டவர்கள் 20-க்கு இறங்கினார்கள், கலந்தவர்கள் 63-இல் நின்றார்கள். நீங்கள் பார்ப்பது பயிற்சி நாளின் கணக்கு. 90 நாள் கழித்து என்ன மிஞ்சும் என்பது அந்தத் தாளில் தெரியாது.

ஒன்றேசெய்:
நாலு சூத்திரம், ஒரு வாரம். நம்ம ஆட்களுக்குப் பத்துப் பன்னெண்டு தலைப்பு, மூணு மாசம், வேலை முடிஞ்சு வந்த அலுப்பு. ஒரு சின்ன ஆய்வை வெச்சு இதுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சுண்ணக்கட்டி:
சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். அதே ரோரர் குழு 2020-இல் வெளியிட்டது பெரியது: ஏழாம் வகுப்பு, 54 வகுப்பறைகள், சாதாரணப் பள்ளி வீட்டுப்பயிற்சித் தாள்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாத தேர்வில் கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், மற்றவர்கள் 38. அதிலும் வகுப்பில் பாடம் நடத்தியது ஒழுங்காகத்தான். கலந்தது பயிற்சிக் கணக்குகளை மட்டும். உங்கள் பக்கத்து நியாயம் இங்கே இருக்கிறது: புதுத் தலைப்பைக் கற்பது தனியாக, பழகுவது கலந்து.

தொகைநிலை:
என் சிக்கல் கணக்கு இல்லை, தமிழ்ப் பகுதி. தொகைநிலைத் தொடர் ஆறு வகையையும் ஒவ்வொரு நாளா படிச்சாச்சு. ஊறுகாய் வினைத்தொகைன்னு கேட்டா உடனே சொல்லுவேன். ஆனா மாதிரித் தேர்வுல மலர்முகம், முகமலர் ரெண்டும் சேர்ந்து வந்தா கை நடுங்குது. இதுக்கும் கலக்கறது பொருந்துமா?

சுண்ணக்கட்டி:
கணக்கைவிட நன்றாகவே பொருந்தும். மலர்முகம் உவமைத்தொகை, மலர் போன்ற முகம். முகமலர் உருவகம், முகமே மலர். தொகை ஆறில் அது சேராது, அதனால்தான் தனி நாளில் படித்தபோது அது உங்கள் கண்ணிலேயே படவில்லை. ஊறுகாய், செங்காந்தள், இரவுபகல், மலர்முகம், முகமலர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, விடைக்குப் பக்கத்தில் "ஏன் மற்றது இல்லை" என்று ஒரு வரி சேருங்கள். ஊறுகாய்க்கு: ஊறின, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலமும் ஒளிந்திருக்கிறது, அதனால் வினைத்தொகை; செங்காந்தள் "செம்மையான காந்தள்" என்று விரிவதுபோல விரிந்திருந்தால்தான் பண்புத்தொகை. அந்த ஒரு வரிதான் பயிற்சி. ஆனால் வரலாற்று ஆண்டுகள் போன்றவற்றில் குழம்பும் இணை இல்லை என்றால் கலந்து பெரிய லாபம் இல்லை. நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தாலே போதும்.

மாலைநேர வாசகன்:
சரிங்க சார். என் 40 நிமிஷத்தை எப்படிப் பிரிக்கறது?

சுண்ணக்கட்டி:
புதுத் தலைப்புக்கு முதல் 2 நாள் தனி. தீர்த்துக் காட்டிய கணக்கு 3, பிறகு அதே வகையில் 8 முதல் 10. புத்தகத்தைப் பார்க்காமல் ஐந்துக்கு நாலு சரியாக வந்ததும் நிறுத்திவிடுங்கள், நாற்பது வரை போகவேண்டாம். மிச்சக் கணக்குகளைச் சீட்டாக எழுதுங்கள்: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. தலைப்பு எங்கேயும் இருக்கக்கூடாது. எல்லாச் சீட்டும் ஒரே டப்பாவில்.

மூன்றாம் நாள் முதல் 12 சீட்டு: 4 புதிய தலைப்பிலிருந்து, 8 பழையவற்றிலிருந்து, அதில் பாதியாவது புதியதோடு குழம்பக்கூடியதாக இருக்கட்டும். குலுக்கி எடுத்ததும் உடனே போடாதீர்கள். முதல் 5 நிமிடம் 12-க்கும் "என்ன வகை, எதனால்" என்று மட்டும் அரை வரி எழுதுங்கள். "மக்கள்தொகை 8000, ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுகிறது, 2 ஆண்டுக்குப் பின்?" வட்டி என்ற சொல்லே இல்லை, ஆனால் கூட்டுவட்டி வழி: 8820. தனிவட்டி போட்டவருக்கு 8800 வரும், அதுவும் விடைத் தெரிவுகளில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்து 25 நிமிடம் போடுவது, கடைசி 10 நிமிடம் தப்பைப் பார்ப்பது.

தப்பு நோட்டில் இரண்டு பத்தி. ஒன்று "வகை தப்பு", இன்னொன்று "போட்டது தப்பு". வகை சரியாகச் சொல்லி, பெருக்கலில் வழுக்கினால் கலந்தது காரணமில்லை, அந்தத் தலைப்பை ஒரு நாள் தனியாகப் போடுங்கள். வகையே தப்பினால் அந்த இரண்டு வகையையும் மறுநாள் ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள். தொடர்ந்து மூன்று நாளில் 12-க்கு 5-க்குக் கீழே வந்தால் தலைப்புகள் அதிகமாகிவிட்டன என்று பொருள், டப்பாவை மூன்று தலைப்பாகக் குறையுங்கள்.

ஒன்றேசெய்:
இந்தச் சீட்டு முறையில நேரம் அதிகம் போகும். ஒரே வகைன்னா 30 நிமிஷத்துல 20 கணக்கு, இதுல 12 தான். 90 நாள்ல பாடத்திட்டமே முடியாது.

சுண்ணக்கட்டி:
ஒரு கணக்குக்கு நேரம் கூடும், அது உண்மை. ஆனால் அந்த 20-இல் கடைசி பத்து என்ன சேர்த்தது? 25 கேள்விக்கு 8 தலைப்பையாவது பிரித்தறியத் தெரிந்தால், முடிக்காத இரண்டை விட்டாலும் நஷ்டம் குறைவு.

ஒன்றேசெய்:
அதுல எனக்கு உடன்பாடு இல்லை. எந்தத் தலைப்பையும் விடக்கூடாது. முதல் 60 நாள் தனித்தனியா முடிக்கட்டும், கடைசி 30 நாள் உங்க சீட்டு டப்பாவை எடுக்கட்டும்.

சுண்ணக்கட்டி:
முதல் வாரம் போட்ட தலைப்பு அறுபதாம் நாள் எந்த நிலையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கலப்பதைத் தள்ளிப்போட்டால் அந்த 30 நாளும் பழையதைத் திரும்பக் கற்பதிலேயே போகும். குறைந்தது இரண்டு தலைப்பு முடிந்த அன்றே டப்பாவைத் தொடங்கவேண்டும் என்பதுதான் என் நிலை.

மாலைநேர வாசகன்:
சதவீதமும் தனிவட்டியும் இந்த ஞாயிறு முடியுது. திங்கள்கிழமை கூட்டுவட்டி தொடங்கறேன், சீட்டும் அன்னைக்கே எழுதறேன். தப்பு நோட்டு ரெண்டு வாரம் கழிச்சு இங்கயே போடறேன்.