ஹாட் டிஸ்க் குத்தினால் அடுப்படியில் வைஃபை நிக்குது, ஆனால் போனில் கோடு முழுக்க இருக்கு: என்ன காரணம்?

முருங்கை
இடம் கொக்குவில். ரவுட்டர் முன் ஹோலில், ரிவி மேசைக்கு மேலை. OpenWrt போட்டிருக்கு. பின்பக்க யூஎஸ்பி ஓட்டையில் 2 டெராபைட் ஹாட் டிஸ்க் (யூஎஸ்பி 3, அகலத் தலை வயர்) குத்தினால், இரண்டு சுவர் தாண்டி அடுப்படியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தவண்டு தவண்டு போகுது. வட்ஸ்அப்பில் படம் ஏறாது, கோல் விட்டு விட்டுக் கேக்கும். ஹோலுக்குள்ளை ஒரு குறையும் இல்லை. டிஸ்கைக் கழட்டினால் அடுத்த நிமிசமே சரி. விளங்காதது என்னெண்டால், அடுப்படியில் நிக்கேக்கையும் போனில் கோடு குறையவே இல்லை.

கிளுவை
ரவுட்டரின்ரை அடப்டர் காணாது. டிஸ்க் சுழலத் தொடங்க ஒரு அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். வோல்ட் இறங்க ரவுட்டரின் ரேடியோ பலம் குறையும். பெரிய அடப்டர் போடுங்கோ.

வடலி
கிளுவை சொல்லுறது நடக்கக்கூடியதுதான். ஆனால் அடப்டர் காணாமல் போனால் ரவுட்டர் மறுபடி எழும்பும், அல்லது டிஸ்க் டிக் டிக் எண்டு அடிச்சுத் துண்டிக்கும். ரேடியோவின் பலம் குறைஞ்சால் போனில் கோடும் குறைய வேணும். இங்கை குறையேல்லை. அதுதான் இதிலை முக்கியமான தடயம்.

போனில் தெரியிற கோடு, ரவுட்டர் பேசுறது போனுக்கு எவ்வளவு கேக்குது எண்டதுக்கு மட்டும்தான் அளவு. போன் பேசுறது ரவுட்டருக்குக் கேக்குதா எண்டு அது காட்டாது. கோயில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழை நிக்கிற ஆள் மைக்கில் கதைச்சால் வீதி முழுக்கக் கேக்கும். நீங்கள் வீதியிலை நிண்டு கூப்பிட்டால் அவருக்குக் கேக்காது. உங்கடை ரவுட்டர் இப்ப அந்த ஆள். அவருக்குப் பக்கத்தில் இரையிறது டிஸ்க்.

யூஎஸ்பி 3 வயரில் செக்கனுக்கு 500 கோடி பிற் ஓடுது. அந்த வேகத்தின் பாதி 2.5 கிகாஹெர்ட்ஸ். தரவைக் கலைச்சுப் போட்டு அனுப்புறதால் இரைச்சல் ஒரு இடத்தில் குத்தி நிக்காமல் அகலமாப் பரவும், 2.4 வைஃபை முழுக்க அதுக்குள்ளை மூழ்கும். வயர், தலை, டிஸ்க் பெட்டி மூண்டிலையும் இருந்து கசியும். இன்டெல் 2012இல் இதை அளந்து அறிக்கையே வெளியிட்டது.

ஊகிக்காமல் அளந்து பாருங்கோ. டிஸ்க் இல்லாமல் ஒருக்கா, குத்தி ஒருக்கா:

```
iw dev phy0-ap0 survey dump | grep -A1 "in use"
iw dev phy0-ap0 station dump | grep -E "Station|signal"
```

இரண்டாவதை போன் அடுப்படியில் இருக்கேக்கை அடியுங்கோ.

பூவரசு
எனக்கும் இதே பிரச்சினைதான். மடிக்கணினியில் பென் டிரைவ் குத்தினால் வயர் இல்லாத மவுஸ் இழுபடுது. டிரைவரைத் திரும்ப ஏத்தியும் சரிவரேல்லை. என்ன டிரைவர் போட வேணும்?

வடலி
டிரைவர் இல்லை, பூவரசு. மவுஸின் குட்டித் தலையும் 2.4இலைதான் கேக்குது. அதை மற்றப் பக்க ஓட்டைக்கு மாத்துங்கோ, இல்லாட்டி சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் மவுஸுக்குக் கிட்டக் கொண்டுவாங்கோ.

முருங்கை
அளந்தன். டிஸ்க் இல்லாமல்:

```
frequency:   2437 MHz [in use]
noise:       -95 dBm
```

டிஸ்க் குத்தி, ஒண்டும் கொப்பி பண்ணாமல்:

```
frequency:   2437 MHz [in use]
noise:       -79 dBm
```

அடுப்படிப் போன் இரண்டு தரமும் -73. ஹோலில் -42. கொப்பி ஓடாமலே ஏன் இப்பிடி?

வடலி
இனி கணக்கு நேராத் தெரியுது. அடுப்படிப் போன் -73, இரைச்சல் -95. இடைவெளி 22 டெசிபல், நல்லா ஓடும். இரைச்சல் -79க்கு ஏறினால் மிஞ்சுறது 6. அதிலை ஆகக் குறைஞ்ச வேகம்தான் தாக்குப் பிடிக்கும், அனுப்பினதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். ஹோலில் 53 இருந்தது 37 ஆச்சுது. அது போதும் எண்டதால அங்கை ஒருத்தருக்கும் தெரியேல்லை.

கொப்பி ஓடாட்டிலும் யூஎஸ்பி 3 இணைப்பு விழிச்சிருக்கிற வரைக்கும் வெறும் நிரப்புத் தரவை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். டிஸ்க்கின் லைட் சிமிட்டாததால இரைச்சல் இல்லை எண்டு நினைக்கக்கூடாது.

கிளுவை
அப்ப சனலை 6இல் இருந்து 1க்கு மாத்தினால்?

வடலி
இரைச்சல் சனல் 1க்கும் 11க்கும் மேலாலை படர்ந்து கிடக்குது. ஒண்டு இரண்டு டெசிபல் வித்தியாசம் வரலாம், 16 திரும்பக் கிடைக்காது. 5 கிகாஹெர்ட்ஸில் இந்தக் கரைச்சல் மிகக் குறைவு, ஆனால் இரண்டு கல்சுவர் தாண்டி அது சேருமோ எண்டது வேறை கேள்வி.

செலவில்லாத வழி ஒண்டிருக்கு. டிஸ்க்கின் அகலத் தலை ஓட்டையை உத்துப் பாருங்கோ, இரண்டு பகுதியாப் பிரிஞ்சிருக்கும். பெரிய பகுதி, பழைய அன்ட்ரொயிட் போன் சார்ஜ் வயரின் தலைக்கு அளவாயிருக்கும். அந்த வயரை அதிலை குத்துங்கோ, பக்கத்துச் சின்னப் பகுதி வெறுமையா இருக்கட்டும். யூஎஸ்பி 3க்கான கம்பிகள் அந்த வயரில் இல்லாததால இணைப்பு யூஎஸ்பி 2க்கு இறங்கும், 2.4இல் இரைச்சல் அடங்கும். கழட்ட முதல் `umount` பண்ண மறக்காதேங்கோ. இறங்கினதோ எண்டு பார்க்க:

```
dmesg | grep -iE "superspeed|high-speed"
```

கடைசி வரியில் `high-speed` எண்டிருக்க வேணும். `SuperSpeed` எண்டிருந்தால் இன்னும் 3இலைதான் நிக்குது.

கிளுவை
சார்ஜ் வயர் கவனம். சிலதில் கரண்ட் கம்பி மட்டும்தான், தரவுக் கம்பி இல்லை. மெல்லிசா நீளமா இருந்தால் வோல்ட் இறங்கி டிஸ்க் சுழலாது. அரை மீற்றருக்கு உள்ளை, தடிச்ச வயராப் பாருங்கோ.

வடலி
ஓம், இந்த இடத்தில் கிளுவை சொல்லுறது முழுக்கச் சரி.

முருங்கை
வேகம் குறையாதோ? ரிவிக்குப் படம் இதிலை இருந்துதான் ஓடுது.

வடலி
யூஎஸ்பி 2இல் செக்கனுக்கு 30 மெகாபைட் அளவில் வரும். சாதாரண எச்டி படத்துக்கு ஒண்டு, ஒண்டரை போதும். கேபிளாலை கொம்பியூட்டருக்குப் பெரிய பக்கப் எடுக்கிற ஆக்களுக்குத்தான் இழப்பு. அவை யூஎஸ்பி 3இலேயே வைச்சுக்கொண்டு, நல்ல கவசம் உள்ள ஒரு மீற்றர் வயரில் டிஸ்கை அன்டெனாவை விட்டுத் தூரத்தள்ளிப் பார்க்கலாம். மலிவு வயர் எண்டால் வயரே அன்டெனாவா மாறி இன்னும் கெடுக்கும். வேறை மென்பொருள் உள்ள சில ரவுட்டர்களில் `USB Mode` எண்டொரு தெரிவு இருக்கும், அதை `USB 2.0` ஆக்கினால் வயரே மாத்தத் தேவையில்லை.

கிடுகு
டிஸ்கை அலுமினியம் ஃபொயிலில் சுத்தினால் போதாதோ?

வடலி
பெட்டியில் இருந்து வாறதை மட்டும் அது குறைக்கும். தலையில் இருந்தும் ரவுட்டரின் ஓட்டையில் இருந்தும் கசியிறது அப்பிடியே இருக்கும். எங்கடை வெக்கையில் டிஸ்கைப் பொதி கட்டி வைக்கிறதும் நல்லதில்லை.

முருங்கை
பழைய போன் வயர் போட்டாச்சு. முதல் வயரில் டிஸ்க் தெரியவே இல்லை, இரண்டாவதில் `high-speed` எண்டு வந்தது. இரைச்சல் -94. அடுப்படியில் படம் ஏறுது, கோல் அறுபடேல்லை. ஆனால் கேற்றடிக் கமரா பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு இன்னும் விட்டு விட்டு வருது. அதின்ரை signal -81.

வடலி
-81க்கும் -94க்கும் இடையில் 13தான். டிஸ்க் இல்லாமலும் அது விளிம்பிலைதான் நிண்டிருக்கும். ஏழு மணிக்குப் பிறகு எண்டால் அயல்வீட்டு வைஃபைகளும் சேருது போலை. survey dump முழுசா, `channel active time`, `channel busy time` வரிகளோடை, பகலில் ஒருக்கா, இரவு எட்டுக்கு ஒருக்கா எடுத்துப் போடுங்கோ.

முருங்கை
இண்டைக்கு இரவு எடுத்துப் போடுறன்.