புதுப்பிப்பு: ஹோட்டல் ரிசப்ஷன் ஆங்கிலத் தேர்வு முடிந்தது

"கெஸ்ட் கேட்பதை முடியாது என்று ஆங்கிலத்தில் மரியாதையாக எப்படிச் சொல்வது?" என்று கேட்டிருந்தேன்.

தேர்வு முடிந்தது, பாஸ். எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக ஃப்ரண்ட் ஆபீஸில் பல வருடம் இருந்த அண்ணனுக்கு. மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லி, காரணம் ஒன்று, உடனே நம்மால் முடிந்தது ஒன்று என்று அவர் சொன்ன வரிசைதான் கைகொடுத்தது.

காலை எட்டு மணிக்கு வந்து ரூம் கேட்கும் கெஸ்ட்டாக மேனேஜர் நடித்தார், செக்-இன் இரண்டு மணிக்கு. நான் சொன்னது: "ஐ'ம் அஃப்ரெய்ட் யுவர் ரூம் இஸ்ன்ட் ரெடி யெட், சார். தி லாஸ்ட் கெஸ்ட் ஹேஸ் ஜஸ்ட் செக்ட் அவுட். மே ஐ கீப் யுவர் பேக்ஸ் ஹியர் வைல் யூ ஹேவ் பிரேக்ஃபாஸ்ட்?" அவர் குரலை உயர்த்தியபோதும் அதையே நிதானமாகச் சொன்னேன், ரூம் தயாரானதும் அழைக்க போன் நம்பரும் கேட்டேன்.

நிறைய ஸாரி சொல்லச் சொன்ன நண்பர் பாதி சரி. ஏசி புகாருக்கு முதலில் ஒரு ஸாரி தேவைப்பட்டது, அப்புறம் எப்போது ஆள் வருவார் என்பதைத்தான் கேட்டார்கள். ஐஈஎல்டிஎஸ் வார்த்தைப் பட்டியல் அனுப்பியவருக்கும் நன்றி, இங்கே அது தேவைப்படவில்லை.

எதிர்பாராதது போன் புக்கிங். தர்ட்டீன்த்தா தர்ட்டியத்தா என்று குழப்பும்படி வேண்டுமென்றே பேசினார்கள். கிழமையோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னதும் தெளிவானது.

"ஐ வில் ட்ரை" என்று சொல்லலாமா என்பதில் மட்டும் மேனேஜரும் அண்ணனும் ஒத்துப்போகவில்லை.